அகவிலைப்படியை எந்த விலைவாசி தீர்மானிக்கிறது? பாமாயிலை வைத்து ஒரு கணக்கு

2023-24 நிதியாண்டில் இந்தியாவின் விலைவாசி எவ்வளவு ஏறியது? நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கேட்டால் 5.4 சதவீதம் என்று சொல்லும். ஜிடிபி டிஃப்லேட்டர் முதலில் காட்டியது சுமார் 1.3 சதவீதம்தான். இரண்டுமே அரசு வெளியிடும் புள்ளிவிவரங்களிலிருந்து வருபவை. 2024 மே மாத இறுதியில் வந்த மதிப்பீட்டில், நடப்பு விலையில் ஜிடிபி வளர்ச்சி 9.6 சதவீதம், விலையேற்றத்தைக் கழித்த வளர்ச்சி 8.2 சதவீதம். 1.096-ஐ 1.082-ஆல் வகுத்தால் 1.013 வரும். அந்த ஒன்றேகால் சொச்சம்தான் டிஃப்லேட்டர் காட்டிய விலையேற்றம்.

அரசு ஊழியரும் ஓய்வூதியரும் வாங்கும் அகவிலைப்படிக்கு இதில் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. எடுப்பது நுகர்வோர் விலைக் குறியீட்டைத்தான். அதிலும் செய்திகளில் அடிபடும் பொதுக் குறியீடு இல்லை. தொழிலாளர் பணியகம் தொகுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான குறியீடு. சென்னை, குன்னூர் உட்பட நாடு முழுக்க 88 மையங்களில் கடை கடையாகப் போய் விலை கேட்டு எழுதுகிறார்கள். டிஃப்லேட்டருக்கு அப்படி யாரும் கடைக்குப் போவதில்லை. நடப்பு விலை ஜிடிபியை அடிப்படையாண்டு விலை ஜிடிபியால் வகுத்தால் கிடைக்கும் எண் அது.

குறியீடு கேட்கும் கேள்வி: ஒரு குடும்பம் வாங்கும் கூடைக்கு இப்போது என்ன செலவு? டிஃப்லேட்டர் கேட்பது: இந்த நாட்டில் உற்பத்தியான பொருள்களுக்கும் சேவைகளுக்கும் இப்போது என்ன விலை? வெளிநாட்டிலிருந்து வாங்கி நம் அடுப்பங்கரைக்கு வரும் ஒரு பொருளின் விலை ஏறும்போது இந்த இரண்டும் வெவ்வேறு பக்கம் போய்விடுகின்றன.

அதற்கு நம் ஊரில் பாமாயிலை விடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. நாம் சமைக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பாமாயில். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மே 23-இல்தான் மறுபடி திறந்தது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயும் அப்போது தட்டுப்பாடு. இங்கே ஒரு செக்கு கூடக் கூடுதலாக ஓடவில்லை, குறையவும் இல்லை. ஆனால் பஜ்ஜிக் கடைக்காரர் விலையை ஏற்ற வேண்டியதாயிற்று.

இதைச் சிறிய கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு குட்டி நாடு. அரிசி மட்டும் விளைகிறது, எண்ணெய் முழுக்க இறக்குமதி. முதல் ஆண்டில் 100 கிலோ அரிசி விளைச்சல், கிலோ 50 ரூபாய். 40 கிலோவை வெளிநாட்டுக்கு விற்று, கிடைத்த 2,000 ரூபாயில் லிட்டர் 100 ரூபாய் வீதம் 20 லிட்டர் எண்ணெய் வாங்குகிறார்கள். மீதி 60 கிலோ அரிசியைச் சாப்பிடுகிறார்கள். மக்களின் கூடை 60 கிலோ அரிசியும் 20 லிட்டர் எண்ணெயும், மொத்தம் 5,000 ரூபாய். ஜிடிபியும் 5,000: நுகர்வு 5,000, அதோடு ஏற்றுமதி 2,000, கழித்தல் இறக்குமதி 2,000.

அடுத்த ஆண்டு உலகச் சந்தையில் எண்ணெய் 150 ரூபாய். அரிசி விலையும் மாறவில்லை, விளைச்சலும் மாறவில்லை. பழைய கூடையை வாங்க இப்போது 3,000-மும் 3,000-மும் சேர்த்து 6,000 ரூபாய் வேண்டும். விலைக் குறியீடு 100-லிருந்து 120. அதாவது 20 சதவீத விலையேற்றம்.

டிஃப்லேட்டரைப் பாருங்கள். அதே 20 லிட்டர் எண்ணெய் வேண்டுமென்றால் இப்போது 60 கிலோ அரிசியை ஏற்றுமதி செய்ய வேண்டும். வீட்டுக்கு 40 கிலோதான் மிஞ்சும். நுகர்வு: அரிசிக்கு 2,000, எண்ணெய்க்கு 3,000. ஏற்றுமதி 3,000, இறக்குமதி 3,000. ஜிடிபி 5,000. முதல் ஆண்டு விலையில் கணக்கிட்டாலும் 4,000 கூட்டல் 3,000 கழித்தல் 2,000, அதே 5,000. இரண்டையும் வகுத்தால் டிஃப்லேட்டர் 100. விலையேற்றம் பூஜ்யம்!

டிஃப்லேட்டர் பொய் சொல்லவில்லை. இந்த நாட்டில் விளைந்த ஒரே பொருளான அரிசியின் விலை உண்மையிலேயே நகரவில்லை. எண்ணெயின் கூடுதல் விலை நுகர்வில் ஏறி, இறக்குமதியில் அதே அளவு கழிந்துவிட்டது. ஆனால் தட்டில் 60 கிலோ இருந்த இடத்தில் 40 கிலோ. அந்த இழப்பைக் குறியீடு பார்க்கிறது, டிஃப்லேட்டர் பார்க்கவில்லை. சம்பளத்தின் வாங்கும் சக்தியைக் காப்பதற்கென்று ஒரு படியை வைத்துவிட்டு, அதை டிஃப்லேட்டரோடு கட்டினால் அந்தப் படிக்கு அர்த்தமே இல்லை என்பது என் எண்ணம்.

குறியீடும் கொஞ்சம் மிகைப்படுத்தத்தான் செய்யும். எண்ணெய் விலை ஏறினால் வீட்டில் வடை சுடுவதைக் குறைத்து இட்லிக்கு மாறுவோம். ஆனால் குறியீட்டின் கூடை மாறாது; 20 லிட்டர் வாங்குவதாகவே கணக்கு ஓடும். டிஃப்லேட்டரின் கூடை ஆண்டுக்கு ஆண்டு உற்பத்தியோடு தானாக மாறிக்கொள்ளும். அந்த ஒரு விஷயத்தில் அதன் கை ஓங்கியது.

பாடப்புத்தகம் இங்கே நிறுத்திவிடும்: இறக்குமதி விலை டிஃப்லேட்டரைத் தொடாது என்று. நடைமுறையில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதலாவது சுங்க வரி. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் மீதான வரி, கூடுதல் தீர்வைகளோடு சேர்த்து, 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமானது. கடையில் பார்க்கும்போது இதுவும் விலையேற்றம், இந்தோனேசியா தடை போட்டதும் விலையேற்றம். வாங்குகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஜிடிபி கணக்கில் வித்தியாசம் இருக்கிறது. இறக்குமதி என்று கழிப்பது துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த விலையை, வரி போடுவதற்கு முன்னால். சந்தை விலை ஜிடிபியில் பொருள்கள் மீதான வரி உள்ளே வருகிறது. நம் குட்டி நாட்டில் உலக விலை 100-லேயே நிற்க, அரசு லிட்டருக்கு 20 ரூபாய் வரி போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டருக்கு வரி 400. ஜிடிபி அரிசியின் 5,000-மும் வரி 400-மும் சேர்ந்து 5,400. உற்பத்தி அளவு மாறாததால் பழைய விலையில் 5,000-தான். டிஃப்லேட்டர் 108. கூடையும் 5,400 ஆகிவிட்டதால் குறியீடும் 108. ஆக, விலை ஏன் ஏறியது என்பதைப் பொறுத்து டிஃப்லேட்டர் அசையும் அல்லது அசையாது. உலகச் சந்தை ஏற்றினால் அந்தப் பணம் வெளிநாட்டுக்குப் போகிறது. வரியால் ஏறினால் பணம் இங்கேயே கஜானாவில் தங்குகிறது.

இரண்டாவது ஓட்டை நாம் கணக்குப் போட்டுவந்த முறையில். 2011-12 அடிப்படையாண்டு வரிசையில் தொழிற்சாலை உற்பத்தியின் பெரும்பகுதிக்கு ஒற்றைக் கழிப்பு முறைதான் இருந்தது. விற்கும் பொருளுக்குத் தனியாக, மூலப்பொருளுக்குத் தனியாக விலை மாற்றத்தைக் கழிக்காமல், மதிப்புக் கூட்டல் முழுவதையும் ஒரே விலைக் குறியீட்டால், பெரும்பாலும் மொத்த விலைக் குறியீட்டால், வகுத்துவிட்டார்கள். அந்த மொத்த விலைக் குறியீட்டில் கச்சா எண்ணெய், உலோகம், பிளாஸ்டிக் போன்றவற்றின் பலம் அதிகம். அவற்றின் விலை உலகச் சந்தையோடு ஓடும். அதனால் வாசலில் தடுத்த இறக்குமதி விலை கொல்லைப்புறமாக டிஃப்லேட்டருக்குள் வந்துவிட்டது. 2023-24-இல் நடந்ததில் ஒரு பங்கு இது. மொத்த விலைக் குறியீடு அந்த ஆண்டு சராசரியாக 0.7 சதவீதம் இறங்கியிருந்தது. மளிகைக் கடையின் மொத்த பில் இறங்கவில்லை. 1.3-க்கும் 5.4-க்கும் நடுவில் அவ்வளவு பெரிய இடைவெளி விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அகவிலைப்படிக் கணக்குக்கு வருவோம். மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு சூத்திரம் இது:

```
DA % = ((A × 2.88) − 261.42) ÷ 261.42 × 100
```

A என்பது கடைசி 12 மாதங்களின் குறியீட்டுச் சராசரி, 2016-ஐ 100 என்று வைத்தது. 2.88 என்பது அதைப் பழைய 2001 வரிசைக்கு மாற்றும் இணைப்பு எண். 261.42 என்பது 2016 ஜனவரியில் புதிய சம்பளம் அமலானபோது எடுத்துக்கொண்ட அடிப்படைச் சராசரி. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரி 1-க்கும் ஜூலை 1-க்கும் இதைப் போடுவார்கள். உத்தரவு இரண்டு மூன்று மாதம் தள்ளி வரும். இடைப்பட்ட மாதங்களுக்கு அரியர்.

2024 ஜனவரிக்குப் போட்டுப் பாருங்கள். 2023-இன் பன்னிரண்டு மாதக் குறியீடு 132.8-இல் தொடங்கி 138.8-இல் முடிந்தது, சராசரி 136.4. அதை 2.88-ஆல் பெருக்கினால் 392.83. 261.42-ஐக் கழித்தால் 131.41. வகுத்தால் 50.27 சதவீதம். பின்னத்தை விட்டுவிடுவார்கள், 50 சதவீதம். 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு 9,000 ரூபாய். அதற்கு ஓராண்டு முன்பு, 2023 ஜனவரியில், 42 சதவீதம்.

இதையே டிஃப்லேட்டரின் 1.3 சதவீதத்தோடு கட்டியிருந்தால்? காலண்டர் ஆண்டும் நிதியாண்டும் சரியாகப் பொருந்தாது, தோராயமாகத்தான். அடிப்படைச் சம்பளம் 100, பழைய படி 42, இரண்டும் சேர்ந்த 142-ஐ 1.013-ஆல் பெருக்கினால் 143.8, படி 43 சதவீதம். அதே ஊழியருக்கு 7,740 ரூபாய், மாதம் 1,260 குறைவு. போதாக்குறைக்கு, டிஃப்லேட்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். ஜிடிபி மதிப்பீடு திருத்தப்படும்போதெல்லாம் அதுவும் மாறும். கொடுத்த படியை அதற்காகத் திரும்பப் பிடிக்க முடியுமா என்ன?

பன்னிரண்டு மாதச் சராசரி எடுப்பதால் எண்ணெய் விலை திடீரென்று ஏறினாலும் படியில் அது மெதுவாகத்தான் தெரியும். செப்டம்பரில் போட்ட வரி, ஜனவரிக் கணக்கில் நான்கு மாதக் குறியீட்டில் மட்டுமே இருக்கும். சராசரியில் முழுதாக ஏறுவதற்கு அடுத்த ஆகஸ்ட் வரை ஆகும், படியில் ஏறுவதற்கு அதற்கும் அடுத்த ஜனவரி வரை. அதற்குள் விலை இறங்கியிருந்தால் இறக்கமும் அதே வேகத்தில்தான் வந்து சேரும். விட்டுவிட்ட 0.27-ஐ நினைத்து வருத்தப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் கணக்கு 261.42-லிருந்து புதிதாகத் தொடங்குவதால் அந்தப் பின்னம் அடுத்த முறை தானாக உள்ளே வந்துவிடுகிறது. 2024 ஜூலையில் படி 53 ஆனபோது அதுவும் அதற்குள் இருந்தது.