மடக்கை: அடுக்கைத் திருப்பிக் கேட்கும் கணக்கு

மூன்று பத்துகளைப் பெருக்கினால் ஆயிரம்: 10³ = 1000. இதையே திருப்பிக் கேளுங்கள். பத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஆயிரம் வரும்? மூன்று. அந்த மூன்றுதான் 1000-இன் மடக்கை; எழுதும்போது log₁₀ 1000 = 3. இங்கே பத்து அடிமானம்.

ஆங்கிலத்தில் 'லாகரிதம்'. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-இல் அட்டவணையோடு இதை வெளியிட்டார். கிரேக்கத்தில் லோகோஸ் என்றால் விகிதம், அரித்மோஸ் என்றால் எண். சேர்த்தால் 'விகித எண்'. வேடிக்கை என்னவென்றால், நேப்பியர் இதை அடுக்கின் மறுதலையாகப் பார்க்கவே இல்லை. அந்தப் பார்வையை நிலைநாட்டியது 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர். தமிழ்ப் பாடநூல்களில் இருக்கும் 'மடக்கை' என்ற சொல்லில் 'மடங்கு' காதில் விழுகிறது. 'எத்தனை மடங்கு' என்று கேட்கும் இடங்களில்தான் இந்தக் கணக்குக்கு வேலை என்பதால், எனக்கு 'லாகரித'த்தைவிட இதுவே பிடிக்கும்.

ஒலியை எடுத்துக்கொள்வோம். காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியின் செறிவு சதுர மீட்டருக்கு சுமார் 10⁻¹² வாட். சாதாரணப் பேச்சு அதைவிடப் பத்து லட்சம் மடங்கு, அதாவது 10⁶ மடங்கு. அடுக்கு 6, அதைப் பத்தால் பெருக்கினால் 60 டெசிபல்.

சரி, தலா 60 டெசிபலில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால்? வகுப்பில் பெரும்பாலும் 120 என்றுதான் பதில் வரும். 120 என்றால் 10¹² மடங்கு, காது வலிக்கத் தொடங்கும் அளவு! உண்மையில் செறிவுதான் இரட்டிக்கிறது: 2 × 10⁶. பெருக்கல் மடக்கையில் கூட்டலாகிவிடும். 2-இன் மடக்கை 0.301. ஆக 6.301, அதாவது சுமார் 63 டெசிபல். டெசிபல் எண்களை நேராகக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் அடுக்காக்கி, செறிவுகளைக் கூட்டி, அப்புறம் மறுபடி மடக்கை எடுக்க வேண்டும்.

நிலநடுக்கத்துக்கு சார்லஸ் ரிக்டர் 1935-இல் தந்த அளவுகோலில் ஒரு எண் கூடினால், அதே தொலைவில் பதிவாகும் அலையின் வீச்சு பத்து மடங்காகும். வெளியாகும் ஆற்றலோ இன்னும் வேகமாக ஏறும். ஒரு எண்ணுக்கு அடுக்கு 1.5 கூடுவதால் 10^1.5, கிட்டத்தட்ட 32 மடங்கு. பெரிய நடுக்கங்களுக்கு இப்போது பயன்படும் திருப்புத்திறன் அளவுகோலிலும் ஆற்றலுக்கு இதே கணக்குதான்.

2001 பூஜ் நிலநடுக்கம் 7.7, 2004-இல் ஆழிப்பேரலையைக் கிளப்பிய சுமத்ரா நடுக்கம் 9.1. வித்தியாசம் 1.4 மட்டுமே. அதை 1.5-ஆல் பெருக்கினால் 2.1. இனி மடக்கையைத் திருப்ப வேண்டும்: 10^2.1 என்பது சுமார் 126. அதாவது, ஒரு சுமத்ராவின் ஆற்றலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பூஜ்கள் வேண்டும்.