‘ஷீலோ’ யார்? அரமேயம் சொல்லும் துப்பு

“தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமம் 49:10 ‘சமாதான கர்த்தர் வருமளவும்’ என்கிறது. வேறு மொழிகளில் அதே இடத்தில் ‘ஷீலோ’ என்று இருக்கிறதே, ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

மூல எபிரேயத்தில் இருப்பது ஷின், யோத், லாமெத், ஹே என்ற நான்கு எழுத்துகள்தான். பொருள் இன்றுவரை தகராறு. பழங்கால வாசகர் அதை எப்படிப் படித்தார் என்று பார்க்க நல்ல வழி தர்கூம். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் யூதர்கள் உருவாக்கிய அரமேய விளக்க மொழிபெயர்ப்பு அது. அதில் ஒன்கெலோஸ் பெயரால் வழங்குவதை எடுத்துக்கொள்வோம்.

முதலில் அவருடைய பழக்கத்தைக் கவனிக்க வேண்டும். யூதாவைவிட்டுச் செங்கோல் நீங்காது என்று சொல்லும் இந்த வசனத்தில் உருவகம் எதையும் அவர் அப்படியே விட்டுவைக்கவில்லை. செங்கோல் ‘ஆட்சி செலுத்துபவன்’ ஆகிறது, ‘கால்களுக்கு இடையிலிருந்து’ என்பது ‘பேரப்பிள்ளைகளிடமிருந்து’ ஆகிறது. அப்புறம் ‘ஷீலோ’ வரும் இடத்தில், ‘மெஷீஹா ததீலே ஹீ மல்கூதா’ என்கிறார். அதாவது, ‘அரசாட்சி யாருடையதோ அந்த மேசியா’.

இதில் ‘மேசியா’ அவர் சேர்த்த விளக்கம், ‘அரசாட்சி’யும் அப்படித்தான். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது ‘ததீலே’: ‘எவனுக்கு உரியதோ’. எபிரேயத்தில் அதற்கு நிகர் ‘ஷெல்லோ’. ஆக, அவர் அந்தச் சொல்லை ஒரு பெயராகப் படிக்கவில்லை. ‘ஷெ’, ‘லோ’ என்று இரண்டாகப் பிரித்துப் படித்திருக்கிறார்.

‘லோ’ என்றால் கடைசியில் வாவ் அல்லவா வரவேண்டும், ஹே எப்படி வந்தது? அடுத்த வசனத்தைப் பாருங்கள். ‘அவனுடைய கழுதைக்குட்டி’, ‘அவனுடைய உடை’ என்ற இரண்டு சொற்களிலும் ‘அவனுடைய’ என்பதைக் குறிக்கும் ஓகாரத்துக்கு ஹேதான் எழுதியிருக்கிறது. பழைய எழுத்துமுறை அது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்: சாட்சி பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது.

இடிப்பது நடுவில் நிற்கும் யோத். ஆனால் சமாரியர்களின் பிரதியில் யோத் இல்லை. சிரியாக் மொழிபெயர்ப்பும் ‘யாருடையதோ அவர்’ என்றே போகிறது. எசேக்கியேல் 21:27-இல் ‘உரிமை யாருக்கோ அவர் வரும்வரை’ என்று ஏறக்குறைய இதே தொடர் வருகிறது. ஒன்கெலோஸ் முன்னால் யோத் இல்லாத பிரதி இருந்ததா, இருந்தும் அவர் பொருட்படுத்தவில்லையா என்பதைத் தர்கூமை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. ‘யாவோ ஷீலோ’ (ஷீலோ வருவார்) என்பதன் எழுத்து எண்களைக் கூட்டினால் 358, ‘மேசியா’வுக்கான எபிரேயச் சொல்லுக்கும் 358 என்று காட்டுபவர்கள் உண்டு. கூட்டல் சரிதான். ஆனால் 358 வரும் வேறு சொற்களையும் தேடி எடுக்கலாமே! இப்படி எழுத்து எண்களை வைத்துச் சொல்லும் விளக்கத்தில் தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘ஷெல்லோ’ வாசிப்பையாவது இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டு மறுக்க வழி இருக்கிறது.

சரி, ஒன்கெலோஸ் சொன்னதே மூலப்பொருளா? அவசியமில்லை. யோனத்தான் பெயரில் உள்ள தர்கூம் இதே இடத்தில் ‘அவன் பிள்ளைகளில் இளையவன்’ என்கிறது. நஞ்சுக்கொடியைக் குறிக்கும் ‘ஷில்யா’வோடு அது முடிச்சுப் போட்டிருக்கிறது. ‘சமாதான கர்த்தர்’ என்ற தமிழ் வாசிப்புக்கு அடிப்படை, அமைதியைக் குறிக்கும் இன்னொரு வேர். இன்று சிலர் ‘ஷய் லோ’ என்று வேறு இடத்தில் வெட்டி, ‘அவனுக்குத் திறை வரும்வரை’ என்று படிக்கிறார்கள்.