ஒரு பொய் ரீடிங் வந்தா அவரேஜ் ஏமாறும், மீடியன் ஏமாறாது

அம்பாறைப் பக்கம் வட்டைக்குள்ள போற வாய்க்கால் ஒண்டுல தண்ணி எவ்வளவு ஏறுது எண்டு பாக்க, கம்பத்துல அல்ட்ராசோனிக் சென்சர் ஒண்ட கீழ பாத்தபடி பூட்டியிருக்கு எண்டு வைப்பம். அது சத்தத்த கீழ அனுப்பி, தண்ணியில பட்டு எதிரொலி வர எடுக்கிற நேரத்த வச்சுத் தூரத்தக் கணக்கெடுக்கும், தூரம் குறைஞ்சா தண்ணி ஏறியிருக்கு.

காத்துக்கு அலையடிச்சா சத்தம் சரிஞ்சு வேற பக்கம் போயிரும், எதிரொலி வராது. சென்சர வாசிக்கிற அர்டுயினோ போர்ட்ல, எதிரொலி நேரத்த அளக்கிற `pulseIn()` கொஞ்சம் பாத்திருந்துட்டு 0 எண்டு குடுத்துரும், அதத் தூரமா எடுத்தா தண்ணி சென்சர்லயே முட்டிட்டு எண்டு ஆகுது!

சென்டிமீட்டர்ல ரீடிங் இப்பிடி வருது எண்டு எடுங்க: 112, 113, 112, 0, 113. அஞ்சையும் கூட்டிப் பிரிச்சா 90, அதாவது தண்ணி 22 சென்டிமீட்டர் ஏறின மாதிரி காட்டும். இன்னும் மோசம் என்னெண்டா அந்த 0, கடைசி அஞ்சு ரீடிங்க மட்டும் வச்சிருக்கிற ஜன்னல விட்டு வெளிய போகுமட்டும் அவரேஜ் கீழயேதான் கிடக்கும், நிமிசத்துக்கு ஒரு ரீடிங் எடுத்தா அஞ்சு நிமிசத்துக்கு இல்லாத வெள்ளம்.

இப்ப அதே அஞ்சையும் சின்னதுல இருந்து பெருசா அடுக்குங்க: 0, 112, 112, 113, 113. நடுவுல நிக்கிறது 112, அதுதான் மீடியன், ஸ்கூல்ல இடையம் எண்டு படிச்சமே அதேதான். பொய் ரீடிங் 0 எண்டாலும் 4000 எண்டாலும் அது போய் ஓரத்துலதான் நிக்கும், எவ்வளவு தூரம் பிழை எண்டத மீடியன் பாக்கிறதே இல்ல.

0 வந்தா தூக்கி எறிஞ்சா போதும்தானே எண்டு கேப்பீங்க. கொக்கு ஒண்டு குறுக்க பறந்தா 60 எண்டு வரும், அது நம்பக்கூடிய நம்பர்தான், அத 0 மாதிரிப் பிடிக்கேலாது, மீடியன் அதையும் தள்ளிரும்.

ஆனா அஞ்சுல ரெண்டு பொய்தான் தாங்கும். மூண்டும் ஒரே பக்கத்துப் பொய்யா வந்தா நடுவுலயும் பொய்தான் நிக்கும். அதால அஞ்சு ரீடிங்கையும் அடுத்தடுத்து டக்குடக்கெண்டு எடுக்காதீங்க, எல்லாமே ஒரே அலையில மாட்டும், ஒரு பத்து செக்கனுக்குள்ள பரத்தி எடுங்க. மறுகா, தண்ணி உண்மையா திடீரெண்டு ஏறினா மூண்டாவது ரீடிங்லதான் மீடியன் அத ஒத்துக்கொள்ளும், அந்தத் தாமதத்துக்குத் தப்பேலாது.

112க்கும் 113க்கும் இடையில ஆடுற சின்ன ஆட்டத்த மழுப்ப அவரேஜ்தான் திறம், மீடியன் அதுல கொஞ்சம் பின்னுக்கு. ரெண்டும் வேணுமெண்டா மீடியன முதல்ல போட்டு, அதுல வாறதுக்கு அவரேஜ் எடுங்க. மாத்திப் போட்டா ஒரு 0வ அவரேஜ் அஞ்சு ரீடிங்லயும் கலந்துவிட்டுரும், மீடியன் ஜன்னலுக்குள்ள பிழையான ரீடிங்தான் கூட நிக்கும், அதுக்குப் பிறகு தள்ளிவிட ஒண்டும் மிஞ்சாது.