லேப் ப்ளானில் பெஞ்சைக் கடைசியாக வரையுங்கள்

பள்ளி ஆய்வகத்துக்கு ப்ளான் போட உட்கார்ந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பிள்ளைகளை உட்கார வைக்கலாம்?" அங்கேயே தப்பு ஆரம்பிக்கிறது. தரையோடு சேர்த்துக் கட்டும் பெஞ்சை, வகுப்பறை டெஸ்க் மாதிரி நாளைக்கு நகர்த்திக்கொள்ள முடியாது. குழாய், ஒயர், கழிவுநீர் எல்லாம் அதற்குள் ஓடுகின்றன. அதனால் நான் வாசல், நடைபாதை, கேஸ் வால்வு, அப்புறம்தான் பெஞ்சு என்று வரைவேன்.

சமீபத்தில் திருத்தித் தரச் சொல்லி வந்த ஒரு ப்ளானையே எடுத்துக்கொள்வோம். அறை 10 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம். நடுவில் தீவு மாதிரி நான்கு பெஞ்சுகள், ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு நாலு பேர், ஆக 32 மாணவர்கள். பெஞ்சுகளுக்கு நடுவே 90 செ.மீ. காகிதத்தில் தாராளமாகத் தெரியும். ஆனால் இரண்டு பெஞ்சிலும் பிள்ளைகள் முதுகோடு முதுகாக நின்று, கீழே ஒரு பையும் கிடந்தால், சூடான பீக்கரோடு யாரும் குறுக்கே போக முடியாது. சந்தேகமிருந்தால் வெறும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆட்களை நிறுத்திப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாசல் இரண்டு இருந்தது, சரி. ஆனால் ஒன்று ஸ்டோர் ரூமுக்குள் திறந்தது! ஸ்பிரிட்டும் அமிலமும் அடுக்கியிருக்கும் அறை வழியாகப் பிள்ளைகளை வெளியேற்றுவதை வழி என்று கணக்கில் எடுக்கவே கூடாது. இன்னொரு வாசலை ஒட்டினாற்போல், சோதனையில் கிளம்பும் நச்சுப்புகையை வெளியே இழுக்கும் புகைக்கூண்டு. அதில் தீப்பிடித்தால் இருக்கும் ஒரே வழியும் அடைபடும். இரண்டு வாசல்களுக்கும் நடுவே குறைந்தது அறையின் மூலைவிட்டத்தில் பாதி தூரம் இருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதிகளில் பரவலாக உள்ள அளவு. இந்த அறைக்கு மூலைவிட்டம் 12.5 மீட்டர், பாதி 6.25. வராந்தா பக்கச் சுவரின் இரு முனைகளிலும் வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுகளை வைத்தோம், இடைவெளி 8 மீட்டர் கிடைத்தது. புகைக்கூண்டு ஜன்னல் பக்கப் பின்மூலைக்குப் போனது.

அடுத்தது தீவு பெஞ்சுகள். அவற்றுக்கு கேஸ், தண்ணீர், மின்சாரம் எல்லாம் தரைக்கடியில் கால்வாய் வெட்டித்தான் வர வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் அந்தக் கால்வாயில்தான் போய்த் தேங்கும், அதே கால்வாயில் மின் ஒயரும் கிடக்கும். இதை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது. அதனால் பெஞ்சுகளை மூன்றாகக் குறைத்து, ஜன்னல் சுவரிலிருந்து 3.6 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தோம். குழாய்கள் சுவரோரமாகவே, கண்ணில் படும்படி வருகின்றன. நடுவே இடைவெளி 1.4 மீட்டர், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் 1.2, முன்னால் ஆசிரியருக்கு 2.4. வராந்தா பக்கம் முழுக்கத் திறந்த வெளி, எந்த பெஞ்சிலிருந்து கிளம்பினாலும் இரண்டு கதவும் தெரியும். ஒவ்வொரு பெஞ்சு வரிசையும் ஒரு முனையில் சுவரில் முட்டுவது குறைதான், ஆனாலும் அந்த முட்டுச்சந்து 3.6 மீட்டர்தான்.

இதனால் 24 பேருக்குத்தான் இடம். எட்டுப் பேர் போச்சே என்று நிர்வாகம் முகம் சுளித்தது. மிச்சப் பிள்ளைகளை இன்னொரு பேட்சாகப் பிரியுங்கள் என்றேன். இதில் பேரத்துக்கு இடமில்லை.

கேஸின் மெயின் வால்வும் மின்சார மெயின் ஸ்விட்சும் ஆசிரியர் மேசைக்கும் முன்கதவுக்கும் நடுவே வர வேண்டும். ஓடும் வழியிலேயே மூடிவிட்டுப் போகும்படி இருக்கணும், மூடுவதற்காக பெஞ்சுகளைத் தாண்டி உள்ளே போகும்படி இருக்கக் கூடாது.

கண் கழுவும் குழாய்க்கு 10 விநாடியில் போய்ச் சேர வேண்டும், 15 நிமிடம் தண்ணீர் விழ வேண்டும். பல இடங்களில் குழாயை மாட்டிவிட்டு அதன் கீழ் வடிகால் வைக்க மறந்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டிய குழாய் அது. திறந்தால் தரையெல்லாம் தண்ணீர் என்பதால் யாரும் தொடுவதில்லை, தேவைப்படும் நாளில் துருத்தண்ணீர்தான் வருகிறது.

ஸ்டோர் ரூமில் பாட்டில்களை எழுத்து வரிசைப்படி அடுக்காதீர்கள். பெயரால் பக்கத்தில் வருபவை குணத்தால் பகையாளிகளாக இருக்கலாம். நைட்ரிக் அமிலத்தை ஸ்பிரிட், அசிட்டிக் அமிலம் இரண்டிலிருந்தும் தள்ளி, கீழ்த்தட்டில் ட்ரேயில் வையுங்கள்.

அப்புறம், பின்கதவு. திருட்டுக்குப் பயந்து அதில் பூட்டு தொங்கவிடாத பள்ளியை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியே கைப்பிடியே இல்லாத தள்ளுகம்பிக் கதவைக் கேட்டு வாங்குங்கள். அதை இப்போதே எஸ்டிமேட்டில் எழுதாவிட்டால் கடைசியில் சாதாரணத் தாழ்ப்பாள்தான் வரும்.