உத்தரவாத ஏற்பாடு: ‘வாரன்டி புரொவிஷன்’ என்பதற்குத் தமிழ்

டர்பனில் கணக்கு எழுதும் தமிழர் கைக்குத் தமிழ்நாட்டு நூலும் வரும், இலங்கை நூலும் வரும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘புரொவிஷன்’ என்பது ஒதுக்கு, ‘ரிசர்வ்’ என்பது காப்பு. இலங்கையில் புரொவிஷன் ஏற்பாடு, ரிசர்வ்தான் ஒதுக்கம். கிட்டத்தட்ட ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகிறது.

புரொவிஷன் என்ற சொல்லின் லத்தீன் வேர் ‘முன்னே பார்த்தல்’ என்று பொருள்படும். வாரன்டி பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘கேரன்டி’ அதன் உடன்பிறப்பு. அதற்கு உத்தரவாதம் என்ற சொல் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. உத்தரம் என்றால் மறுமொழி. பொருள் பழுதானால் விற்றவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் உயிர். ஆகவே ‘உத்தரவாத ஏற்பாடு’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். ‘ஒதுக்கு’ என்றதும் பணத்தை எடுத்துத் தனியே வைத்தது போலத் தோன்றுகிறது. அப்படி ஒரு பணம் வங்கியில் இருக்க வேண்டியதில்லை. இது ஒரு பொறுப்பு. எப்போது, எவ்வளவு என்பது மட்டும் உறுதியில்லாத கடன்.

பன்னாட்டுக் கணக்கியல் தரம் 37 இதற்கு வழி சொல்கிறது. ஒரே மாதிரிப் பொருள் ஏராளமாக விற்றிருந்தால், நேரக்கூடிய ஒவ்வொரு விளைவின் செலவையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வருவது எதிர்பார்ப்பு மதிப்பு. ஒரே ஒரு பெரிய இயந்திரத்தை விற்றிருந்தால் இந்தச் சராசரி பொருந்தாது; அங்கே பெரும்பாலும் நிகழக்கூடிய விளைவின் செலவே அடிப்படை.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கீசர் விற்றுப் பொருத்தும் ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். இரண்டு ஆண்டு உத்தரவாதம் கடையுடையது. முதல் ஆண்டு 400 கீசர் விற்றது. பழைய வேலைச்சீட்டுகளின்படி நூற்றுக்கு 80 பழுதாவதில்லை. 15க்குத் தெர்மோஸ்டாட்டோ எலிமென்டோ மாற்ற வேண்டும், 1,200 ராண்ட். 5க்குத் தொட்டியே போய்விடும், 9,000 ராண்ட். ஒரு கீசருக்கு 180 + 450 = 630 ராண்ட்; 400க்கு 252,000. உண்மையில் எந்தக் கீசருக்கும் 630 செலவாகாது. மொத்தத்துக்குத்தான் அந்த எண் பொருந்தும்.

பதிவில் டெபிட், கிரெடிட் என்றே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் கிரெடிட்டைக் குறிக்கும் ‘வரவு’ இலங்கையில் டெபிட் ஆகிவிடுகிறது.

விற்ற ஆண்டிலேயே உத்தரவாதச் செலவு டெபிட் 252,000, உத்தரவாத ஏற்பாடு கிரெடிட் 252,000. அதே ஆண்டில் 70,000க்குப் பழுது தீர்த்தார்கள். அப்போது ஏற்பாடு டெபிட். கிரெடிட் போவது வங்கிக்கு, சரக்கிருப்புக்கு, மெக்கானிக் கூலிக்கு. உதிரிபாகம் கடைக்கு அடங்கிய விலையில்தான் போக வேண்டும், விற்பனை விலையில் அல்ல. மீதி 182,000.

இரண்டாம் ஆண்டு 500 கீசர். அதே கணக்கில் 315,000 சேர்கிறது. தீர்த்த கோரிக்கைகள் பழைய விற்பனைக்கு 150,000, புதியதற்கு 96,000. ஏட்டில் நிற்பது 251,000. இங்கே நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் மதிப்பீட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

புதிய கீசர்களில் தொட்டி போவது 5இலிருந்து 6 விழுக்காடாகி, பழுதே ஆகாதவை 80இலிருந்து 79 ஆகக் குறைந்ததாக வேலைச்சீட்டுகள் காட்டுகின்றன என்று கொள்வோம். ஒன்றுக்கு 720, ஐந்நூறுக்கு 360,000. தீர்த்த 96,000 போக 264,000. முதல் ஆண்டு விற்பனையில் கெடு முடியாதவற்றுக்கு இன்னும் 12,000 போதும். தேவை 276,000. குறையும் 25,000ஐச் செலவில் டெபிட், ஏற்பாட்டில் கிரெடிட் செய்கிறோம். மதிப்பீடு மாறியதற்காகச் சென்ற ஆண்டுக் கணக்கைத் திருத்துவதில்லை. இந்த ஆண்டின் செலவு 340,000 ஆகிறது, அவ்வளவே.

அடிக்கடி நேரும் தவறு, பழுது தீர்த்த செலவை மறுபடியும் பழுதுபார்ப்புச் செலவில் டெபிட் செய்வது. ஒரே செலவு இலாபத்தை இருமுறை குறைக்கிறது. கண்டுபிடிப்பது எளிது: ஏற்பாட்டுக் கணக்கில் கிரெடிட் மட்டுமே இருக்கும், இருப்பு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். வெள்ளத்தில் கெட்ட கீசரை நல்லெண்ணத்துக்காக மாற்றிக் கொடுத்த செலவையும் இதில் கழிக்கக் கூடாது. எதற்காக ஏற்பாடு செய்தோமோ அதற்கு மட்டுமே அது பயன்படும். வாடிக்கையாளர் தனியே காசு கொடுத்து வாங்கிய கூடுதல் உத்தரவாதமும் இங்கே வராது. அந்த வருமானத்தை உத்தரவாதக் காலம் முழுவதற்கும் பரப்பி எழுத வேண்டும்.

கடை எந்த உறுதியும் தராவிட்டாலும், தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவருக்குக் கொடுக்கிறது. அதனால் ‘உத்தரவாதமில்லை’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதை நம்பி ஏற்பாட்டைச் சுழியமாக விட முடியாது.