எழும்பலா எழுப்பலா: ‘வெளியேற்றல் அறிவித்தல்’ எண்டு எழுதுறவங்களுக்கு

என்ட மருமகள் சட்டம் படிக்கிறா. ட்ராஃப்டிங் பேப்பருக்கு எண்டு வீட்டு வாடகை ஒப்பந்தம் ஒண்டு எழுதிப் பழகி என்னட்ட காட்டினா, நான் மட்டக்களப்புல ஒரு நொத்தாரிசுட கந்தோர்ல இருபது வருஷமா உறுதி டைப் பண்ணினவன். கல்லடியில ஒரு வீடு, ஒரு வருஷம், மாசம் 25,000, அட்வான்ஸ் 75,000. எல்லாம் சரி, ஒம்பதாவது வாசகத்துல வந்து முட்டினன்: “வாடகை செலுத்தத் தவறின் உரிமையாளர் ஒரு மாத வெளியேற்றல் அறிவித்தல் கொடுத்து வாடகையாளரை வெளியேற்றலாம்.”

இந்த ‘வெளியேற்றல் அறிவித்தல்’ கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. இங்கிலீசுல எவிக்சன் எண்டு இருக்கு, அதை அப்பிடியே தூக்கிப் போட்டாச்சு. எவிக்சனுக்கு வேர் லத்தீன்ல, வெண்டு எடுக்கிறது எண்டு பொருள். அதாவது வழக்காடி வெண்டு எடுக்கிறது, நீதிமன்றம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு. வீட்டுக்காரர் குடுக்கிற கடிதம் அது இல்ல. அதுக்கு இங்கிலீசுல பேர் குவிட் நோட்டீஸ், வீட்டை விட்டுத் தா எண்டு கேக்கிற கடிதம், அவ்வளவுதான்.

தமிழ்ல வித்தியாசம் ஒரு ‘ற்’. வெளியேறல் தன்வினை, வெளியேற்றல் பிறவினை. வெளியேறுறது வாடகைக்கு இருக்கிற ஆள். வெளியேற்றுறது கோட்டுக் கட்டளையோட வாற பிஸ்கால், வீட்டுக்காரர் இல்ல. ஆனா ஒம்பதாவது வாசகத்தைப் படிச்ச வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? ஒரு மாசம் முடிஞ்சா பூட்டை மாத்தலாம், கரண்டை வெட்டலாம், சாமானைத் தூக்கி வளவுக்க வைக்கலாம் எண்டு நினைப்பார். அப்பிடி செஞ்சா இருந்தவர் பொலிசுக்குப் போவார், விஷயம் 1979ம் ஆண்டு 44ம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் 66ம் பிரிவுல கோட்டுக்குப் போகும், வழக்குத் தாக்கலுக்கு முந்தின ரெண்டு மாசத்துக்குள்ள பலவந்தமா இறக்கினதெண்டு தெரிஞ்சா 68ம் பிரிவுல அவரைத் திரும்ப வீட்டுக்க ஏத்தச் சொல்லி நீதவான் கட்டளை போடலாம். காசு தராதவர் உள்ள, வீட்டுக்காரர் வெளிய.

இதுக்கு மாத்தா தனித்தமிழ் ஆக்கள் ‘குடியெழுப்பல் அறிவித்தல்’ எண்டு ஒண்டு சொல்லுறாங்க. கேக்க வடிவா இருக்கு, வழக்குச் சொல்லும்தான், ஆனா அதுவும் பிறவினை, அதே பிழை பழைய சேட்டு போட்டு வருது. ‘காலி செய்தல் நோட்டீஸ்’ எண்டு இந்தியப் படம் பாத்து எழுதுறவங்களும் இருக்காங்க, யார் காலி செய்யிறது எண்ட அளவுக்கு அது பரவாயில்ல, ஆனா நம்மட சனம் காலி எண்டா ஊரைத்தான் நினைக்கும். இவ்வளவு யோசிக்கிற ஆக்கள் பக்கத்து வீட்டு மாமிட வாயைக் கேட்டிருக்கலாம். “வீட்டால எழும்பச் சொல்லிட்டாங்க கா” எண்டா நோட்டீஸ் வந்திருக்கு. “எழுப்பிட்டாங்க கா” எண்டா பிஸ்கால் வந்து போயிட்டார். எழும்பு, எழுப்பு ரெண்டையும் சனம் ஒருநாளும் மாத்திச் சொல்லுறதில்ல, மொழிபெயர்க்கிற ஆக்கள்தான் மாத்துறாங்க.

எழுத்துல நான் போடுறது ‘வீடு ஒப்படைக்கும் அறிவித்தல்’. நீளம்தான், ஆனா யார் என்ன செய்யணும் எண்டு அதிலேயே இருக்கு. மருமகளுக்கு இப்பிடித் திருத்திக் குடுத்தன்: “வாடகை இரண்டு மாதம் நிலுவையாக இருந்தால் உரிமையாளர் ஒரு மாத எழுத்து மூல அறிவித்தல் கொடுத்து இவ்வொப்பந்தத்தை முடிவுறுத்தலாம். அறிவித்தலில் குறித்த நாளில் வாடகையாளர் வீட்டை வெறுமையாக்கி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காத ஒவ்வொரு நாளுக்கும் 1,500 ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும்.” எழுப்புறதைப் பத்தி ஒரு சொல்லும் இல்ல பாருங்க, அது கோட்டுட வேலை.

எழுத்து ஒப்பந்தம் இல்லாம மாசத்துக்கு மாசம் இருக்கிற ஆளுக்கு எண்டா நாளையும் பாக்கணும். முழுசா ஒரு கலண்டர் மாசம் வேணும், ஒண்டாந் திகதி தொடங்குற மாச வாடகைக்கு மார்ச் 10 நோட்டீஸ் குடுத்து ஏப்ரல் 10 எழும்பு எண்டா செல்லாது, ஏப்ரல் 30 எண்டு போடணும்.

அட்வான்ஸ் வாசகத்துலயும் இதே சீத்துவம்தான். ‘முற்பணம்’ எண்டு எழுதியிருந்தா. முற்பணம் எண்டா வாடகையில கழியிற காசு. வீடு ஒப்படைச்ச பிறகு உடைஞ்ச கதவு, கட்டாத கரண்ட் பில் கழிச்சுத் திருப்பிக் குடுக்கிறது பிணை வைப்பு. கூரை, சுவர், கிணறு திருத்துறது வீட்டுக்காரர் செலவு, பைப் வாசர், பல்ப் இருக்கிறவர் செலவு எண்டு திருத்த வாசகத்துல பிரிச்சு எழுதாட்டி அந்த 75,000ல எதைக் கழிக்கிறதெண்டே சண்டை வரும்.

கடைசியில இன்னொண்டையும் பாத்தன், சாட்சி ஒப்பம் ரெண்டுக்கும் இடம் விட்டிருக்கா, நொத்தாரிசுட அத்தாட்சியைக் காணல்ல. ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு 1840ம் ஆண்டுச் சட்டம் அதைக் கேக்குது. இது ஒரு வருஷம். போய் எழுதிட்டு வா எண்டு திருப்பி அனுப்பிட்டன்.