2,2,4-டிரைமெத்தில்பென்டேன்: பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பெட்ரோலின் ஆக்டேன் எண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் ஐசோஆக்டேன் என்ற பெயரும் கூடவே வரும். எஞ்சினுக்குள் எரிபொருள் முறைகெட்டு எரிந்து தட்டல் சத்தம் எழுப்புவதை அளக்கும் அளவுகோலில் இதற்கு 100 மதிப்பெண், நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு 0. இந்த ஐசோஆக்டேனுக்கு வேதியியல் புத்தகம் தரும் முறையான பெயர் 2,2,4-டிரைமெத்தில்பென்டேன். எட்டு கார்பன் உள்ள பொருளின் பெயரில் ஐந்தைக் குறிக்கும் 'பென்ட்' எதற்கு? அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? இந்த ஒரு பெயரைப் பிரித்துப் பார்த்தாலே கிளைத்த ஆல்கேன்களுக்குப் பெயரிடும் முறை பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதலில் 'ஐசோஆக்டேன்' ஏன் போதாது என்று பார்ப்போம். 'ஐசோஸ்' என்றால் கிரேக்கத்தில் சமம். பழைய வழக்கப்படி, சங்கிலியின் நுனிக்கு அடுத்த கார்பனில் ஒரே ஒரு மெத்தில் கிளை இருந்தால்தான் பெயருக்கு முன் 'ஐசோ' சேர்ப்பார்கள். அந்தக் கணக்கில் ஐசோஆக்டேன் என்று சொல்லத் தகுந்தது 2-மெத்தில்ஹெப்டேன். ஆனால் எரிபொருள் துறையில் மூன்று கிளை உள்ள வேறொரு பொருளுக்கு அந்தப் பெயர் நிலைத்துப் போய்விட்டது. C8H18 என்ற ஒரே வாய்பாட்டுக்கு 18 அமைப்புகள் உண்டு. அதில் எது ஐசோஆக்டேன் என்று மனப்பாடமாகத் தெரிந்தால்தான் உண்டு. பெயரை வைத்துப் படம் வரைய முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1892-இல் ஜெனீவாவில் வேதியியலாளர்கள் கூடி, மிக நீண்ட சங்கிலியை அடிப்படையாக வைத்துப் பெயரிடும் முறைக்கு வழி வகுத்தார்கள். இன்று ஐயுபிஏசி விதிகள் என்று நாம் படிப்பவை அதன் தொடர்ச்சி.

சரி, பெயருக்கு வருவோம். இதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். 'செந்தாமரை' என்ற சொல்லில் தாமரைதான் பொருள், 'செம்மை' அதற்கு அடை. அதே போல இங்கேயும் கடைசியில் நிற்கும் 'பென்டேன்'தான் தலைச்சொல். முன்னால் இருப்பதெல்லாம் அடைமொழி.

'பென்டே' என்பது கிரேக்கத்தில் ஐந்து. 'ஏன்' என்ற ஈறு, கார்பன்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பனைக் குறிக்கிறது. ஏன், ஈன், ஐன் என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றி ஈறு வைக்கும் யோசனையை 1866-இல் முன்வைத்தவர் ஹாஃப்மன். ஆக, பென்டேன் என்றால் ஐந்து கார்பன் நேராக நிற்கும் ஒற்றைப் பிணைப்புச் சங்கிலி. அந்த ஐந்து, மூலக்கூறில் உள்ள மொத்த கார்பனின் எண்ணிக்கை இல்லை. அறுபடாமல் போகும் மிக நீண்ட சங்கிலியின் நீளம். பொருளைப் பாருங்கள்:

```
CH3-C(CH3)2-CH2-CH(CH3)-CH3
```

எந்த நுனியில் தொடங்கி எந்த நுனிக்குப் போனாலும் ஐந்துக்கு மேல் எண்ண முடியாது. மீதி மூன்று கார்பன்கள் கிளைகள்.

அந்தக் கிளைகளின் பெயர்தான் மெத்தில். ஒரு ஆல்கேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டால் மிஞ்சும் துண்டு ஆல்கைல் தொகுதி. 'ஏன்' ஈறு போய் 'இல்' வந்து சேரும். மீத்தேன் CH4, அதிலிருந்து மெத்தில் CH3. ஈத்தேனிலிருந்து எத்தில், புரோப்பேனிலிருந்து புரோப்பில். பொது வாய்பாடு CnH2n+1. இது தனித்து நிற்கும் பொருளின் பெயர் இல்லை. சங்கிலியில் ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் வந்து உட்காரும் துண்டின் பெயர்.

இந்த 'இல்' ஈற்றுக்குச் சுவையான வரலாறு உண்டு. 'ஹூலே' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மரக்கட்டை என்றும் பொருள், மூலப்பொருள் என்றும் பொருள். 1832-இல் வோலரும் லீபிக்கும் பென்சாயில் என்று பெயர் வைத்தபோது மூலப்பொருள் என்ற அர்த்தத்தில் அதை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மரத்தைக் காய்ச்சி வடித்த சாராயத்தை ஆராய்ந்த தூமாவும் பெலிகோவும் 'மெத்து' என்ற மதுவோடு அதே 'ஹூலே'யை மரக்கட்டை என்ற பொருளில் சேர்த்து மெத்திலீன் என்றார்கள். மெத்தில் அதிலிருந்து வெட்டி எடுத்த சொல். ஆகவே 'மெத்' என்பதற்கும் ஒன்று என்ற எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'பியூட்' வெண்ணெயிலிருந்து வந்தது. ஐந்திலிருந்துதான் எண்ணைக் குறிக்கும் சொற்கள் ஒழுங்காகத் தொடங்குகின்றன. முதல் நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். 'ஆல்கைல்' என்ற சொல்லின் தலைப்பகுதி ஆல்கஹாலிலிருந்து வந்தது. அதற்கு மூலமான 'அல்-குஹ்ல்' அரபியில் கண் மையைக் குறித்த சொல்.

மெத்தில் மூன்று என்பதால் 'டிரை'. இரண்டு என்றால் 'டை', நான்கு என்றால் 'டெட்ரா'. ஒரே கார்பனில் இரண்டு மெத்தில் இருந்தாலும் இட எண்ணை இரண்டு முறை எழுதியாக வேண்டும். 2,4-டிரைமெத்தில் என்று யாராவது எழுதியிருந்தால் பார்த்த உடனே தவறு தெரிந்துவிடும்: கிளை மூன்று, இட எண் இரண்டுதான்.

அடுத்து, எந்த நுனியிலிருந்து எண்ணுவது? இடப்பக்கம் தொடங்கினால் கிளைகள் 2, 2, 4 ஆகிய இடங்களில் வருகின்றன. வலப்பக்கம் தொடங்கினால் 2, 4, 4. இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்து, முதல் எண்ணோடு முதல் எண், இரண்டாவதோடு இரண்டாவது என்று ஒப்பிட வேண்டும். முதல் எண் இரண்டிலும் 2, சமம். இரண்டாவது எண் ஒன்றில் 2, மற்றதில் 4. அங்கேயே தீர்ப்பு ஆகிவிட்டது. சிறிய எண் உள்ள 2,2,4 சரி. மூன்றாவது எண்ணைப் பார்க்கவே தேவையில்லை.

இந்த விதியைப் பல இடங்களில் 'எண்களின் கூட்டுத்தொகை குறைவாக இருக்க வேண்டும்' என்று சுருக்கிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் உதாரணத்தில் அதுவும் சரியான விடையைத் தந்துவிடும் (8, 10), அதனால்தான் தவறு வெளியே தெரிவதில்லை. கீழே உள்ளதில் மாட்டிக்கொள்வோம்:

```
CH3-CH(CH3)-CH2-CH2-CH2-CH2-CH(CH3)-CH(CH3)-CH2-CH3
```

பத்து கார்பன் சங்கிலி, மூன்று மெத்தில். இடமிருந்து 2, 7, 8, கூட்டினால் 17. வலமிருந்து 3, 4, 9; கூட்டினால் 16. கூட்டுத்தொகைக்காரர் 3,4,9 என்பார். விதிப்படி முதல் வேறுபாடு முதல் எண்ணிலேயே வந்துவிடுகிறது, 2 சிறியது. சரியான பெயர் 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன். கூட்டலை மறந்துவிடுவது நல்லது.

எண்ணுவதற்கு முன்பே சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வரைந்த படத்தில் கிடைமட்டமாக ஓடும் கோடுதான் முதன்மைச் சங்கிலி என்று கண் நம்பிவிடும்.

```
CH3-CH(CH2CH3)-CH2-CH2-CH3
```

இதைப் பார்த்தவுடன் 2-எத்தில்பென்டேன் என்று எழுதத் தோன்றும். எத்தில் 'கிளை'யின் நுனியிலிருந்து எண்ணிப் பாருங்கள்: அதன் இரண்டு கார்பன், சந்திப்பில் உள்ள ஒன்று, வலப்பக்கத்து மூன்று, மொத்தம் ஆறு. ஆகவே இது ஹெக்ஸேன். கிளை என்று தள்ள வேண்டியது இடப்பக்கத்து CH3. பெயர் 3-மெத்தில்ஹெக்ஸேன். படத்தைப் பார்க்காமலே இந்தத் தவறைக் கண்டுபிடிக்கலாம். 1-ஆம் இடத்தில் மெத்தில் என்றோ 2-ஆம் இடத்தில் எத்தில் என்றோ ஒரு ஆல்கேன் பெயரில் வந்தால் சங்கிலியைத் தவறாகத் தேர்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சந்திப்பிலிருந்து நுனி வரை மிஞ்சும் துண்டைவிடக் கிளை நீளமாக இருக்க முடியாது. இருந்தால் அதுதான் சங்கிலி. ஒரே நீளத்தில் இரண்டு சங்கிலி கிடைத்தால் அதிகக் கிளைகள் உள்ளதை எடுக்க வேண்டும்.

தமிழில் இவற்றை என்ன சொல்வது? முதன்மைச் சங்கிலி, கிளை, இட எண், முன்னொட்டு, பின்னொட்டு எல்லாமே தெளிவான சொற்கள்; தயங்காமல் எழுதலாம். சங்கிலியில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக வரும் அணுவையோ தொகுதியையோ 'பதிலி' என்பது அழகான, சிறிய சொல். தமிழ்நாட்டில் ஆல்கைல் தொகுதி என்பதை இலங்கைப் புத்தகங்களில் அற்கைல் கூட்டம் என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். ஆனால் மெத்தில், பென்டேன் போன்ற பெயர்த் துண்டுகளை மொழிபெயர்க்கக் கூடாது என்பது என் கருத்து. 'மும்மெத்தில் ஐங்கரியம்' என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூலக்கூறின் பெயர் உலகெங்கும் ஒரே மாதிரி பிரிய வேண்டும். எழுத்து மட்டும் தமிழாக இருந்தால் போதும். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே காற்புள்ளி, எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே சிறு கோடு, கடைசி முன்னொட்டும் தலைச்சொல்லும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வர வேண்டும்.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. வெவ்வேறு கிளைகள் இருந்தால் அவற்றை அகரவரிசையில் அடுக்க வேண்டும். டை, டிரை ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எந்த அகரவரிசை? ரோமன் எழுத்துப்படி பியூட்டில், எத்தில், மெத்தில், புரோப்பில். தமிழ் எழுத்துப்படி அடுக்கினால் எத்தில், பியூட்டில், புரோப்பில், மெத்தில் என்று மாறிப்போகும். இது வெறும் வரிசைப் பிரச்சினை இல்லை, எண்ணையும் மாற்றிவிடும். ஒன்பது கார்பன் சங்கிலியில் ஒரு பக்கத்திலிருந்து 4-ஆம் இடத்தில் மெத்திலும், மறுபக்கத்திலிருந்து 4-ஆம் இடத்தில் புரோப்பிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எப்படி எண்ணினாலும் 4, 6 தான் வரும். இப்படிச் சமமாக முடிந்தால் அகரவரிசையில் முந்தும் கிளைக்குச் சிறிய எண் தர வேண்டும். தமிழ் வரிசையை நம்பினால் 4-புரோப்பில்-6-மெத்தில் என்று போய் முடியும். ரோமன் வரிசைப்படி மெத்தில் முந்துவதால் சரியான பெயர் 4-மெத்தில்-6-புரோப்பில்நோனேன்.